நிறுத்தாதே, உடனே நிறுத்து

காசநோய் மாத்திரை தொடங்கும் நாளன்று நோயாளியிடம் தவறாமல் சொல்லப்படும் வாக்கியம் ஒன்று உண்டு: "ஒரு நாள்கூட மாத்திரையை விட்டுவிடாதீர்கள்." அதே நாளில் சொல்லப்பட வேண்டிய இன்னொரு வாக்கியம் பல நேரங்களில் சொல்லப்படாமலே போய்விடுகிறது: "வாந்தி நிற்காமல் வந்தாலோ கண் மஞ்சளானாலோ, அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே எங்களிடம் வாருங்கள்." முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவர்களில் சொல்பேச்சு கேட்கிறவர் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்போதும் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பார். சகிக்க முடியாதவர் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார். இரண்டு பேருமே ஆபத்தில் இருக்கிறார்கள். இந்த இரண்டு வாக்கியங்களும் ஏன் ஒன்றாகவே சொல்லப்பட வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன். அதற்கு, மருந்துக்கு அடங்கும் சாதாரண காசநோய்க்கு ஏன் ஆறு மாதம் மருந்து தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண். வயது 34, எடை 41 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். இரண்டு மாத இருமல், சாயங்காலக் காய்ச்சல். சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியாகிறது. ரிஃபாம்பிசினுக்கும் ஐசோனியசிட்டுக்கும் அந்தக் கிருமி கட்டுப்படும் என்பதும் பரிசோதனையில் தெரிகிறது. ஜனவரி 20 அன்று மாத்திரை தொடங்குகிறது. இவர் நிஜமான ஒருவரல்லர். ஆனால் இவருக்கு நேரப்போவது எல்லாம் காசநோய்ப் பிரிவுகளில் அடிக்கடி நேர்வதுதான்.

இவருக்குக் கொடுக்கப்படுவது நான்கு மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்த கூட்டு மாத்திரை. ஒரு மாத்திரையில் ஐசோனியசிட் 75 மில்லிகிராம், ரிஃபாம்பிசின் 150, பைரசினமைட் 400, எத்தம்பியூட்டால் 275 இருக்கும். எத்தனை மாத்திரை என்பதை எடை முடிவு செய்கிறது. தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் கணக்கில் 35 முதல் 49 கிலோ வரை தினமும் மூன்று. ஆகவே இவருக்கு மூன்று மாத்திரை, ஒரே வேளையில். இப்படி 56 நாள். இதற்குத் தீவிரக் கட்டம் என்று பெயர். அதன் பிறகு பைரசினமைட் நீங்கிய மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை 112 நாள். இது தொடர் கட்டம். மொத்தம் 168 நாள்.

ஏன் முதலில் நான்கு, பிறகு மூன்று? நுரையீரலில் குழி விழுந்த நோயாளியின் உடம்பில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவை எல்லாம் ஒரே நிலையில் இருப்பதில்லை. காற்றோட்டமான குழியின் சுவரில் இருப்பவை வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும். வேகம் என்றாலும், ஒரு கிருமி இரண்டாகப் பிரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இவற்றின் சுவர்க் கட்டுமானத்தை ஐசோனியசிட் குலைக்கிறது. பிரிந்து பெருகும் கிருமி புதுச் சுவர் எழுப்பியாக வேண்டும் என்பதால் முதல் சில நாளிலேயே இவை கூட்டம் கூட்டமாகச் சாகும். இருமல் குறைவதும், சளியில் கிருமி சரசரவென்று குறைவதும் பெரும்பாலும் இந்த மருந்தின் வேலை.

அழற்சி மிகுந்து அமிலத்தன்மை கொண்ட இடங்களில் கிருமிகள் மந்தமாக இருக்கும். அங்கே ஐசோனியசிட்டுக்கு அவ்வளவு பிடி கிடையாது. அங்கேதான் பைரசினமைட் வேலை செய்கிறது. சிகிச்சையால் அழற்சி தணியத் தணிய அப்படிப்பட்ட அமில மூலைகள் குறைந்துவிடுகின்றன. முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகு பைரசினமைட்டைத் தொடர்ந்து கொடுத்தாலும் கூடுதல் பயன் கிடைப்பதில்லை. அது தொடர் கட்டத்தில் இல்லாமல் போவதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவதாக, பெரும்பாலான நேரம் உறங்கிக்கிடந்து, எப்போதாவது சிறிது நேரம் மட்டும் விழித்து இயங்கும் கிருமிகள் உண்டு. ரிஃபாம்பிசினின் பலம் இங்கே. கிருமி விழித்த கொஞ்ச நேரத்துக்குள்ளேயே அதன் மரபுச் செய்தி நகலெடுக்கும் இயந்திரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். ஆனால் கிருமி விழிக்கும் நாளில் உடம்பில் மருந்து இருந்தாக வேண்டுமே. எந்தக் கிருமி எந்த நாளில் விழிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லா நாளும் மருந்து இருக்க வேண்டியிருக்கிறது. நான்காவது மருந்தான எத்தம்பியூட்டால் ஒரு காவல்காரர்: கிருமிகளில் சில ஐசோனியசிட்டுக்கு ஏற்கனவே அடங்காதவையாக இருந்தால், ரிஃபாம்பிசின் தனியாக நிற்க நேராமல் துணை நிற்கிறது. ஐசோனியசிட்டுக்கு அடங்காத கிருமி இந்தியாவில் கணிசமாக இருப்பதால்தான் தொடர் கட்டத்திலும் அது இங்கே நீடிக்கிறது.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவில் பணியாற்றிய டென்னிஸ் மிட்சிசன் கிருமிகளை இப்படிப் பிரித்துப் பார்த்து விளக்கினார். இந்த விளக்கத்தை மனதில் வைத்துக்கொண்டால் சிகிச்சையின் கால அளவு தற்செயலாக வந்ததல்ல என்பது புரியும். ரிஃபாம்பிசின் வருவதற்கு முன்பு காசநோய்க்கு ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுவரை மருந்து தேவைப்பட்டது. ரிஃபாம்பிசின் அதை ஒன்பது மாதமாக்கியது. பைரசினமைட் அந்த ஒன்பதை ஆறாக்கியது. இந்தக் கடைசிக் கணக்கை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் பனியன் கம்பெனிப் பெண்ணுக்கு அது திரும்ப வரப்போகிறது.

சிக்கல் என்னவென்றால், உடம்பு தேறும் வேகமும் கிருமி ஒழியும் வேகமும் ஒன்றல்ல. மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் போய்விடுகிறது. நான்காவது வாரத்தில் பசிக்கிறது, தூக்கம் வருகிறது. பெருகிக்கொண்டிருந்த கிருமிகள் செத்ததால் வந்த சுகம் அது. உறங்கும் கிருமிகள் அப்படியே இருக்கின்றன. அந்த நேரத்தில் மாத்திரையை விடுகிறவர் பல மாதம் நன்றாகவே இருப்பார். அதன் பிறகு நோய் திரும்பும். "நல்லாத்தானே இருந்தேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

நான்கு மருந்துகளில் மூன்று கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடியவை: பைரசினமைட், ஐசோனியசிட், ரிஃபாம்பிசின். எத்தம்பியூட்டாலால் கல்லீரலுக்குத் தொல்லை இல்லை. அது கவனிக்கப்பட வேண்டிய இடம் கண். நிறம் பிரித்தறிவதில் தடுமாற்றமோ பார்வை மங்கலோ வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

ஐசோனியசிட் கல்லீரலுக்குள் நுழைந்ததும் ஒரு நொதி அதன் மேல் அசிட்டைல் என்ற சிறு தொகுதியை ஒட்டுகிறது. அந்த நொதி சிலருக்கு வேகமானது, சிலருக்கு மெதுவானது. இது பிறவியிலேயே வருவது. தென்னிந்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவான வகை. அவர்கள் உடலில் மருந்து கூடுதல் நேரம் தங்கும். மருந்து சிதையும்போது இடையில் உருவாகும் சில நச்சுப்பொருட்களும் முழுமையாகக் கழிந்துபோகாமல் கல்லீரல் செல்லைத் தாக்கலாம். ரிஃபாம்பிசின் கல்லீரலின் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுவதால் அந்த நச்சு கூடலாம். மது அருந்துபவரிடமும் இதே வழியில் ஆபத்து கூடுகிறது. எடை மிகக் குறைந்தவர், முதியவர், ஹெபடைடிஸ் பி அல்லது சி கிருமி உள்ளவர், எச்.ஐ.வி. உள்ளவர், பேறுகாலப் பெண்கள் எல்லோரும் கூடுதல் கவனத்துக்குரியவர்கள். இவர்களுக்குத் தொடங்கும்போதே கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்து, நடுநடுவே திரும்பச் செய்து பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அறிகுறி வந்தால் செய்யலாம் என்று விடப்படுகிறது. அப்படியானால் அறிகுறியை அறிந்து சொல்லும் பொறுப்பு நோயாளியிடம் வந்துசேர்கிறது. அவருக்கு அதைக் கற்றுக்கொடுக்காமல் அந்தப் பொறுப்பை மட்டும் கொடுப்பது நியாயமாகாது.

நம் பெண் 17க்கு அருகிலான உடல் நிறை குறியீட்டெண்ணோடு தொடங்கினார். மெலிந்தவர். ஆகவே தொடக்கத்திலேயே ரத்தம் எடுக்கிறார்கள்: எஸ்.ஜி.பி.டி. 28. இது கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி. செல் உடைந்தால் ரத்தத்தில் கூடும். வழக்கமான உச்ச அளவு 40 என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும்.

சிறுநீர் காவி நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்றும் அன்றைக்கே சொல்லியனுப்புகிறார்கள். ரிஃபாம்பிசின் அப்படித்தான் செய்யும். கண்ணீரும் வியர்வையும்கூடச் சிறிது நிறம் பெறும். தேவையான அறிவுரைதான். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மஞ்சள் காமாலையிலும் சிறுநீர் கருத்துப் போகும். "இது மாத்திரையின் நிறம்தான்" என்று மனம் சமாதானமாகிவிடும். வேறுபாடு இதுதான்: ரிஃபாம்பிசின் நிறம் காவி அல்லது செந்நிறம், மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் கூடி, நேரமாக ஆக வெளுக்கும். காமாலையின் நிறம் கடுந்தேநீர் போன்றது. நாள் முழுக்க அப்படியே இருக்கும். கூடவே பசி செத்துப்போகும், கண்ணின் வெள்ளை மஞ்சளாகும். சந்தேகம் வந்தால் பகல் வெளிச்சத்தில் கண்ணைப் பார்க்க வேண்டும். குழல் விளக்கில் மஞ்சள் தெரியாமல் போகும்.

முப்பதாவது நாள்வரை எல்லாம் நலம். முப்பத்தொன்றாம் நாள் காலையில் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது. "மாத்திரை சூடு" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறார். அந்தப் பெண்ணும் மூன்றுக்குப் பதில் ஒன்றைப் போட்டுக்கொள்கிறார். முழுக்க விடவில்லையே என்ற நிம்மதி. கூட்டு மாத்திரை என்பதால் நான்கு மருந்தும் ஒரே விகிதத்தில் குறைந்தன. ஏதாவது ஒன்றை மட்டும் விலக்கி மற்றதைத் தனியாக விட்டிருந்தால் அடங்காத கிருமி வளர வழி பிறந்திருக்கும். கூட்டு மாத்திரையின் பெரிய நன்மை இதுதான். ஆனால் 41 கிலோ உடம்புக்கு 150 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் போதவே போதாது. கிருமிக்கும் போதாது, கல்லீரலுக்கும் ஓய்வில்லை.

முப்பத்தாறாம் நாள் சுகாதாரப் பார்வையாளர் வீட்டுக்கு வருகிறார். வந்ததும் மாத்திரை அட்டையைக் கேட்காமல் முகத்தைப் பார்க்கிறார்.

"என்ன கண்ணு, மூஞ்சி வாடியிருக்குது? சாப்பிடறயா?"

"இல்லீங்க அக்கா, சாப்பாடு உள்ளே போகமாட்டேங்குது. வாந்தி வாந்தியா வருது."

"எத்தனை நாளா?"

"அஞ்சு நாளா."

"மாத்திரை?"

அந்தப் பெண் தயங்குகிறார். பார்வையாளர் குரலை உயர்த்தவில்லை. அட்டையை எடுத்து எண்ணுகிறார். இருக்க வேண்டியதைவிடப் பத்து மாத்திரை கூடுதல். ஐந்து நாள், நாளுக்கு இரண்டு. கணக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறது. "ஒண்ணு போட்டிருக்கே, சரி. சொல்லியிருந்தீன்னா முந்தியே ரத்தம் பார்த்திருக்கலாம். இன்னிக்கு மாத்திரை வேண்டாம், எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்கிறார். குற்றம் சாட்டும் ஒரு சொல் இல்லை. குற்றம் சாட்டியிருந்தால் அடுத்த முறை அந்தப் பெண் கூடுதல் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் அட்டையைக் காட்டுவார்.

ரத்த முடிவு: எஸ்.ஜி.பி.டி. 312. உச்ச அளவைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. பிலிருபின் 3.1. கண்ணில் லேசான மஞ்சள். உலகெங்கும் பின்பற்றப்படும் அளவுகோல் எளிது. குமட்டல், வாந்தி, வயிற்று வலி போன்ற அறிகுறி இருக்கும்போது மூன்று மடங்கு. அறிகுறியே இல்லையென்றால் ஐந்து மடங்கு. மஞ்சள் தெரிந்தால் எண்ணுக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த எல்லையைத் தொட்டால் கல்லீரலைத் தொடும் மூன்று மருந்தையும் நிறுத்தியாக வேண்டும். அறிகுறியில்லாமல் 60, 80 என்று சிறிது கூடுவது பலருக்கும் வரும். மருந்து தொடரும்போதே கல்லீரல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதைப் பார்த்து மிரண்டு நிறுத்துவதும் தவறுதான். பிலிருபின் மட்டும் தனியாகச் சிறிது கூடினாலும் அது பல சமயம் ரிஃபாம்பிசின் பித்தத்தோடு வெளியேற இடம் கேட்பதால் வருவது. செல் உடைந்த அடையாளம் இல்லை.

எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போடக்கூடாது. நம் ஊரில் ஹெபடைடிஸ் ஏ, ஈ கிருமிகள் தண்ணீர் வழியாக வருவது சகஜம். அதற்கும் ரத்தம் எடுக்கிறார்கள். ரத்தம் உறையும் திறனையும் பார்க்கிறார்கள். அது குலைந்திருந்தால் அல்லது நோயாளி குழப்பமாகப் பேசினால் உயிராபத்து. பெரிய மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். நம் பெண்ணுக்கு இரண்டும் சரியாக இருக்கின்றன. வைரஸும் இல்லை. மருந்தால் வந்ததுதான்.

எல்லா மாத்திரையும் நிறுத்தப்படுகிறது. பாட்டி கீழாநெல்லி அரைத்துத் தர வருகிறார். இதைப் பற்றி ஒரு வார்த்தை. காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம்மிடம் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. அதைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் மருந்தால் வந்த காமாலையில் குணம் கொடுப்பது மருந்தை நிறுத்துவதுதான். கீழாநெல்லி சாப்பிட்டுக்கொண்டே காசநோய் மாத்திரையையும் தொடர்ந்தால், "மருந்து சாப்பிட்டேனே" என்ற தைரியத்தில் காமாலை முற்றிக்கொண்டே போகும். ஆகவே சுகாதாரப் பார்வையாளர் பாட்டியை விரட்டவில்லை. "எதக் குடுத்தாலும் எங்கிட்ட சொல்லிட்டுக் குடுங்க ஆத்தா" என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார். காய்ச்சலுக்குத் தானாகப் பாராசிட்டமால் வாங்கி நிறையப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்கிறார்.

நோய் கடுமையாக இருப்பவரை இந்த இடைவெளியில் மருந்தே இல்லாமல் விட முடியாது. கல்லீரலைத் தொடாத எத்தம்பியூட்டால், அதனோடு லீவோஃப்ளாக்சசின், தேவைப்பட்டால் ஊசி மருந்து ஒன்று என்று தற்காலிகப் பாலம் போடுவார்கள். நம் பெண் நடமாடிக்கொண்டிருக்கிறார், காய்ச்சல் இல்லை. அவரால் காத்திருக்க முடிகிறது. நான்கு நாளில் 190, எட்டு நாளில் 96, பன்னிரண்டாம் நாளில் 74. உச்ச அளவைப்போல் இரண்டு மடங்குக்குக் கீழே, அதாவது 80க்குக் கீழே வந்துவிட்டது. வாந்தி நின்று இட்லி சாப்பிடுகிறார். மார்ச் 8.

இப்போது மீண்டும் தொடங்குவது எப்படி? நான்கையும் ஒன்றாகக் கொடுத்தால் மறுபடி கெட்டபோது யார் குற்றவாளி என்பது தெரியாது. ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். இங்கேதான் கூட்டு மாத்திரை இடைஞ்சலாகிறது. தனித்தனி மாத்திரை வேண்டும். அது எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கைவசம் இருக்காது, மேலிருந்து வரவழைக்க நேரும். இரண்டு நாள் தாமதமானால்கூட நோயாளி "மருந்து இல்லையாம்" என்று ஊருக்குப் போய்விடலாம். இந்தச் சின்னத் தாமதங்கள் பலரைச் சிகிச்சையிலிருந்து தொலைத்திருக்கின்றன. 74 என்ற எண்ணை எதிர்பார்த்து முன்கூட்டியே மாத்திரையைக் கேட்டு வாங்கி வைத்தால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

முதலில் ரிஃபாம்பிசினும் எத்தம்பியூட்டாலும். சிகிச்சையின் முதுகெலும்பு ரிஃபாம்பிசின். கல்லீரலைத் தொடும் மூன்றில் அதுவே ஆபத்து குறைந்தது. அதைத் தனியாக விடாமல் எத்தம்பியூட்டால் துணை. ஆறு நாள் கழித்து ரத்தம்: 52. ஐசோனியசிட் சேர்க்கப்படுகிறது, சிலருக்குக் குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள். மீண்டும் ஆறு நாள். ரத்தம்: 38. இப்போது பைரசினமைட்டைச் சேர்ப்பதா? மூன்றில் கல்லீரலுக்கு மிகவும் ஆபத்தானது அதுவே. காமாலை வரை போன ஒருவரிடம் ரிஃபாம்பிசினும் ஐசோனியசிட்டும் பிரச்சினையில்லாமல் ஏறிவிட்டால், குற்றவாளி பெரும்பாலும் பைரசினமைட்தான். மறுபடி கொடுத்துப் பார்ப்பது வீண் சோதனை. அதை விட்டுவிடுகிறார்கள். விலை உண்டு: பைரசினமைட் இல்லாவிட்டால் ஆறு மாதம் போதாது. ஒன்பது மாதம் ஆகும். முன்னால் சொன்ன வரலாற்றுக் கணக்கு, ஒரு பெண்ணின் நாட்காட்டியில் திரும்ப வந்துவிட்டது. முடியும் நாள் ஜூலையிலிருந்து நவம்பருக்குப் போகிறது.

ஒரு நோயாளியிடம் "இன்னும் மூன்று மாதம் கூட" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அருகில் இருப்பவர்கள் அறிவார்கள். அப்போதுதான் உடம்பு தேறியிருக்கும். மாத்திரை அவரைக் காமாலையில் தள்ளியது என்ற நினைப்பு மனதில் இருக்கும். அதே மாத்திரையை நவம்பர்வரை நம்பச் சொல்கிறோம்.

மருந்தை நம்பி நெடுங்காலம் சாப்பிடுவது எப்படி என்ற கேள்வி மருத்துவத்தில் முதன்முதலாகத் தீவிரமாக ஆராயப்பட்ட ஊர்களில் சென்னையும் ஒன்று. 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து இங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டிலிருக்கும் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி அது. வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்ககாலத் தலைவர். நோயாளிகள் சானடோரியத்தில் ஓராண்டு கட்டிலில் கிடக்க வேண்டுமா, நெரிசலான வீடுகளில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் போதுமா என்று அங்கே சோதித்தார்கள். 1959ல் முடிவுகள் வெளியாயின. வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குக் குறைவில்லை; வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். வீட்டில் இருப்பவர் சாப்பிடுகிறாரா என்று தெரிய, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நோயாளிகள் பலர் சொன்னதற்கும் சிறுநீர் சொன்னதற்கும் பொருத்தமில்லை. இதற்கு விடையாகப் பிறந்தது, ஒருவர் கண்முன்னே விழுங்க வைக்கும் முறை. சென்னையும் ஹாங்காங்கும் அதன் தொடக்க இடங்கள். கிடைத்த பாடம் முக்கியம்: மாத்திரை விடுபடுவது படிக்காதவர், ஏழை, பொறுப்பற்றவர் என்று யாரோ ஒரு வகை ஆளின் குணமன்று. நீண்ட கால மருந்தில் எல்லோருக்கும் நேர்வது.

எவ்வளவு விடுபட்டால் ஆபத்து? நாலு மாதச் சிகிச்சைகளைச் சோதித்த மூன்று பெரிய ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2018ல் வெளிவந்தது. பத்தில் ஒரு வேளை தவறுபவர்களிடமே நோய் திரும்பும் ஆபத்து தெளிவாகக் கூடியது. 168 நாளில் பத்தில் ஒன்று என்றால் 17 நாள். ஒரு தீபாவளிப் பயணம், ஒரு கோவில் திருவிழா, ஒரு தங்கை கல்யாணம். அவ்வளவுதான். தீவிரக் கட்டத்தில் தொடர்ந்து இரண்டு வாரம் இடைவெளி விழுந்தால் ஆரம்பத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பதும் பல வழிகாட்டிகளின் கணக்கு. நம் பெண்ணின் பன்னிரண்டு நாள் அந்த எல்லைக்குச் சற்று உள்ளேதான் நின்றது.

எனவே சுகாதாரப் பார்வையாளர் ஆரம்பத்திலேயே நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டும். எப்போது ஊருக்குப் போவீர்கள்? எத்தனை நாள்? போகும்போது எத்தனை நாளுக்கான மாத்திரை கையில் இருக்கிறது? ஊரே மாறிப்போனால், நிக்ஷய் பதிவேட்டின் மூலம் அங்கிருக்கும் மையத்துக்கு மாற்றிவிடலாம். நோயாளி தானே விண்ணப்பித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மாத்திரை அட்டைகளில் ஒளிந்திருக்கும் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்துப் பதிவு செய்யும் முறையும் இந்தியாவில் பயன்பட்டிருக்கிறது. எண்ணை அழைத்தவர் மாத்திரையை விழுங்கினாரா என்பதை அது சொல்லாது. அந்தத் தொலைபேசி மௌனமாகிப்போன மூன்றாவது நாளில் யார் கதவைத் தட்டுவார் என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

நம் பெண்ணின் தடைகள் வேறு. காலை ஷிஃப்ட் எட்டரைக்கு. வெறும் வயிற்றில் விழுங்கினால் ரிஃபாம்பிசின் நன்றாக ஏறும், ஆனால் குமட்டுகிறது. லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுவதற்கு மருத்துவர் சம்மதித்தார். சற்றுக் குறைவாக ஏறினாலும் தினமும் உள்ளே போவது மேல். கம்பெனியில் யாருக்கும் தெரியக்கூடாது என்பது அவருடைய அடுத்த கவலை. அதனால் மாத்திரையை வீட்டிலேயே போடும்படி நேரத்தை வைத்தார்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும். சத்துணவுக்காக அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது. 2018ல் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரில் இரட்டித்த தொகை. அது வங்கியில் வந்து சேர்ந்ததா என்று கேட்டுப் பார்ப்பதும் மாத்திரை எண்ணுவதைப்போலவே ஒரு வேலை. எடையைச் சரிபார்ப்பதும் அப்படியே. 41ல் தொடங்கியவர் 47 ஆனால் மகிழ்ச்சி. 50ஐத் தாண்டினால் மாத்திரை எண்ணிக்கை நான்காக வேண்டும். எடை கூடியதைக் கவனிக்காமல் பழைய அளவையே தொடர்வது அடிக்கடி நடக்கும் தவறு.

இப்போது தொடக்கத்தில் சொன்ன இரண்டு வாக்கியங்களுக்குத் திரும்புகிறேன். முப்பத்தொன்றாம் நாள் காலையில் அந்தப் பெண்ணிடம் ஒரு தொலைபேசி எண் இருந்திருந்தால், "பசி செத்துப்போனால் உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடு, அக்கா திட்டமாட்டாங்க" என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், ஐந்து நாள் முன்பே ரத்தம் பார்த்திருப்பார்கள். எஸ்.ஜி.பி.டி. அப்போது 150ல் இருந்திருக்கலாம். காமாலை தொடங்குவதற்கு முன்பே பிடிபட்டிருந்தால் பைரசினமைட்டைக்கூடத் திரும்பச் சேர்த்திருக்க முடியும். ஒன்பது மாதம் ஆறு மாதமாகவே நின்றிருக்கும். பக்கவிளைவைக் கண்காணிப்பதும் மாத்திரை விடுபடாமல் பார்த்துக்கொள்வதும் இரண்டு வெவ்வேறு அலுவலர்களின் வேலையாக எழுதப்பட்டிருக்கும் இடங்களில் இந்த ஐந்து நாள் எப்போதும் யாருக்கும் தெரியாமல் நழுவுகிறது. ஒரே வீட்டுவருகையில், ஒரே மனிதர் இரண்டையும் கேட்க வேண்டும். மாத்திரையைப் பற்றிக் கேட்பதற்கு முன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். "மாத்திரை போட்டீங்களா" என்ற கேள்விக்கு "போட்டேன்" என்ற பதில் தயாராக இருக்கும். "நேத்து என்ன சாப்பிட்டீங்க" என்ற கேள்விக்கு அப்படித் தயாரான பதில் கிடையாது.

இரண்டாம் மாத இறுதியில் எடுத்த சளியில் கிருமி இல்லை. அது நல்ல செய்தி, ஆனால் முடிவு இல்லை. இருந்திருந்தால் கிருமி மருந்துக்கு இன்னும் அடங்குகிறதா என்று மறுபடி சோதித்திருப்பார்கள். கோடையில் ஒரு கோவில் நோன்பிக்கு ஊருக்குப் போனபோது எட்டு நாளுக்கான மாத்திரை பையில் இருந்தது. ஜூலையில் ஒருநாள் மறுபடி குமட்டியது. அன்றே கூப்பிட்டார். ரத்தத்தில் 34. வேறு ஏதோ சாப்பாட்டுக் கோளாறு. அடுத்த நாள் மாத்திரை வழக்கம்போல். நவம்பர் நடுவில் கடைசி வேளை. அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுவரை வந்து பார்த்துக்கொள்ளும்படி தேதிகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் தேதி மே மாதம். அந்தத் தேதியை சுகாதாரப் பார்வையாளரும் தன் நோட்டில் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.